"தள்ளுபடி வீதம்" வேண்டாம்: காலக்கழிவும் இற்றைப் பெறுமதியும்

"எதிர்காலப் பணப்பாய்வுகளைத் தள்ளுபடி வீதத்தில் தள்ளுபடி செய்தால் கிடைப்பதே தற்போதைய மதிப்பு." நிதி பற்றித் தமிழில் எதைப் புரட்டினாலும் இந்த வாக்கியம் எங்காவது உட்கார்ந்திருக்கிறது. அண்மையில் விவசாயக் குடும்பங்களுக்கென்றே அச்சடித்த ஒரு கையேட்டிலும் இதே வாக்கியத்தைப் பார்த்ததும் பொறுமை போய்விட்டது. இதில் இரண்டு கலைச்சொற்கள் இருக்கின்றன, இரண்டுமே தப்பான இடத்துக்கு ஆளை அனுப்புகின்றன.

முதலில் வேரைச் சொல்லிவிடுகிறேன். நாம் தள்ளுபடி என்று மொழிபெயர்த்துவைத்திருக்கும் டிஸ்கவுண்ட் என்ற சொல் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. எண்ணிக் கழிப்பது என்பதுதான் அதன் பொருள். மூன்று மாதம் கழித்துப் பணமாகும் உண்டியலை, அதாவது பணம் தருவதாக வியாபாரிகள் எழுதிக்கொடுக்கும் சீட்டை, இன்றே கொண்டுபோய்க் கொடுத்தால், மூன்று மாத வட்டியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கையில் தருவார்கள். பத்தாயிரம் கடன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, வட்டியை முதலிலேயே பிடித்து ஒன்பதாயிரம் கொடுக்கும் ஆள் நம் ஊர்களிலும் உண்டு. அவர் செய்வதும் இதே கணக்கின் முரட்டு வடிவம்தான். பின்னால் வரப்போகும் தொகை, காத்திருக்கும் காலத்துக்கான வட்டி போக, இன்றைக்கு எவ்வளவு பெறும்? கேள்வி இவ்வளவுதான்.

இனி அந்தக் கையேட்டைப் படிப்பவர்கள் யார் என்று பாருங்கள். கதையாகவே சொல்கிறேன்.

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு அக்காவும் தம்பியும். அப்பா போனபின் மூன்று ஏக்கர் நஞ்சை, ஆளுக்குப் பாதி. அக்கா திருச்சியில் இருக்கிறார், மகளின் படிப்புக் கடன் 11 சதவீத வட்டியில் ஓடுகிறது. தம்பி ஊரில் இருந்து அந்த வயலைப் பார்த்துக்கொள்கிறான். கடன் இல்லை, மிச்சப் பணம் வங்கியில் 7 சதவீத வைப்பில் கிடக்கிறது. ஒருவர் ஏக்கர் பத்து லட்சம் என்று மொத்தமாக முப்பது லட்சத்துக்குக் கேட்டிருக்கிறார். விற்கலாமா வேண்டாமா?

அக்கா கையேட்டில் "நிலத்தின் தற்போதைய மதிப்பைக் கணக்கிடுக" என்ற வரியைப் படித்துவிட்டு, பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு வழிகாட்டி மதிப்பைக் குறித்துவைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? தற்போதைய மதிப்பு என்றால் இன்று அது போகும் விலை, அல்லது சர்க்கார் போட்டிருக்கும் விலை. பத்திர எழுத்தர் முதல் நகை மதிப்பீட்டாளர் வரை எல்லோரும் அந்தப் பொருளில்தான் சொல்கிறார்கள்.

தள்ளுபடி வீதம் 7 சதவீதம் என்று கையேட்டில் இருந்ததைப் பார்த்த தம்பி இன்னும் மேலே போனான். "அக்கா, இதுல தள்ளுபடி எங்கேருந்து வந்துச்சு? அப்பா சொசைட்டில வாங்குன பயிர்க்கடனைத்தான் அப்பவே தள்ளுபடி பண்ணிட்டாங்களே. இப்ப ஏழு பர்சென்ட் யாரு பண்றா?"

அவன் கேட்டது சரியான கேள்வி. 2021இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி என்று அறிவித்தார்களே, அந்தத் தள்ளுபடிதான் டெல்டாக்காரனுக்குத் தெரிந்த தள்ளுபடி. கோர்ட்டில் மனு தள்ளுபடி. ஆடியில் துணிக்கடைத் தள்ளுபடி. மூன்றிலும் ஒருவர் மனதுவைத்து ஒன்றை விட்டுக்கொடுக்கிறார், அல்லது ஒதுக்கித் தள்ளுகிறார். விட்டுக்கொடுப்பவர் இல்லாத தள்ளுபடி தமிழில் கிடையாது. காலத்துக்காகக் கழிக்கும் கணக்கிலோ யாரும் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. பத்தாம் வருஷம் வரவேண்டிய பணத்தை யாரும் ரத்து செய்யவில்லை, அது முழுசாக வரத்தான் போகிறது. பத்து வருஷம் காத்திருக்க வேண்டும் என்பதால் இன்றைக்கு அது குறைவாகப் பெறுகிறது, அவ்வளவே. "எதிர்கால வருமானத்தைத் தள்ளுபடி செய்தல்" என்று எழுதினால், வருமானமே இல்லை என்று எழுதிவிட்டதாகத்தான் சாதாரணத் தமிழ்க் காது கேட்கும்.

"வழக்கில் வந்துவிட்டது, விடுங்கள்" என்பார்கள். எந்த வழக்கில்? மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்துப் போடுகிறார், அடுத்தவர் அவரைப் பார்த்து எழுதுகிறார், மூன்றாமவர் இருவரையும் காட்டி "வழக்கு" என்கிறார். இந்த மூவரும் ஒரே ஒருமுறை அந்தக் கணக்கைக் கையால் போட்டிருந்தால் தள்ளுபடி என்ற சொல் பேனாவில் ஏறியே இருக்காது.

போட்டுத்தான் பார்ப்போமே. தம்பியின் கணக்கில் ஏக்கருக்குப் பதினெட்டு குவிண்டால் நெல். கொள்முதல் நிலையத்தில் 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரகத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டால் 2,500 ரூபாய், ஆக 45,000. உழவு, நாற்று, நடவு, உரம், அறுப்பு எல்லாம் 30,000. மிச்சம் 15,000. குறுவையும் கைகொடுத்தால் அதில் ஒரு 10,000. மேட்டூர் ஜூன் 12இல் திறக்காத வருஷமும் மழை அடித்துப்போகும் வருஷமும் இருப்பதால், ஐந்தில் ஒரு வருஷத்துக்குப் பூஜ்யம் என்று வைத்தால், சராசரி ஏக்கருக்கு 20,000. மூன்று ஏக்கருக்கு 60,000.

அடுத்த வருஷம் வரும் 60,000, வங்கி வட்டி 7 சதவீதம் என்றால், இன்றைக்கு 56,075 பெறும். ஏனென்றால் இன்று 56,075ஐ வைப்பில் போட்டால் ஒரு வருஷத்தில் 60,000 ஆகிவிடும். பத்தாம் வருஷத்து 60,000 இன்றைக்கு ஏறக்குறைய 30,500. முப்பதாம் வருஷத்தது 8,000கூட இல்லை. இப்படிக் கடைசிவரை கூட்டினால், 60,000ஐ 0.07ஆல் வகுத்த விடை வரும்: சுமார் எட்டரை லட்சம்.

"நெல்லு வெலை ஏறாதா?" என்றான் தம்பி. ஏறும். மத்திய அரசின் ஆதரவு விலை, சாதாரண ரகத்துக்கு, 2014-15இல் 1,360. 2024-25இல் 2,300. ஆண்டுக்கு 5.4 சதவீத ஏற்றம். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். விலை ஏறும் வேகத்தில் மிச்சமும் ஏறும் என்று நினைத்துவிடுகிறார்கள். கூலியும் அறுப்பு மெஷின் வாடகையும் 6.5 சதவீதம் ஏறினால், பத்து வருஷத்தில் அந்த 45,000 ஏக்கருக்கு 76,000 ஆகும்போது 30,000 செலவு 56,300 ஆகிவிடும். மிச்சம் 15,000லிருந்து 19,800 வரைதான் போகிறது, வருஷத்துக்கு மூன்று சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. தாராளமாக மூன்று என்றே வைத்து, வட்டியிலிருந்து அந்த ஏற்றத்தைக் கழித்து வகுத்தால்:

60,000 ÷ (0.07 − 0.03) = 15,00,000

ஐந்து சதவீதம் ஏறும் என்று நம்பினால் இதே கணக்கு முப்பது லட்சம் காட்டும், கேட்ட விலைக்குச் சரியாக. இரண்டு சதவீத நம்பிக்கையில் விடை இரட்டிப்பாகிறது. இந்தச் சூத்திரத்தை யாராவது ஒரே ஒரு எண்ணோடு நீட்டினால், ஏற்றம் எவ்வளவு என்று வைத்தீர்கள் என்பதை முதலில் கேளுங்கள்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். அந்த எட்டரை லட்சமும் பதினைந்து லட்சமும் நிலத்தின் மதிப்பே அல்ல. அவை அந்த நிலத்து வருமானத்தின் பெறுமதி. நிலத்தின் விலை முப்பது லட்சம், அது வேறு. "நிலத்தின் தற்போதைய மதிப்பு" என்று எழுதிய ஒரே வரியில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

இலங்கைத் தமிழர் கணக்கியல் நூல்களில் பெறுமதி, கழிவு, தேறிய இலாபம் என்று எழுதுகிறார்கள். நாம் அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டியவை இவை. பெறுமதி நமக்கும் அந்நியமில்லை. "இந்த மாடு என்ன பெறும்?" என்று சந்தையில் கேட்கிறோம், "காசு பெறாத விஷயம்" என்கிறோம். அதன் முன்னால், இன்றைய என்ற பொருளில், இற்றை என்ற பழைய சொல்லை வைக்கலாம். பாரி மகளிர் அப்பனையும் அவன் குன்றையும் இழந்து "இற்றைத் திங்கள்" என்று பாடினார்களே, அதே இற்றை. வருமானத்தின் இற்றைப் பெறுமதி. எதனுடையது என்பதைச் சொல்லாமல் இந்தச் சொல்லை எழுதவே கூடாது என்பது என் கட்சி. போட்ட முதலைக் கழித்தபின் மிஞ்சுவதை நிகர தற்போதைய மதிப்பு என்கிறார்களே, அதுவும் அப்போது தேறிய இற்றைப் பெறுமதி ஆகும்.

கழிவு என்றால் சாக்கடை நினைவுக்கு வருகிறது என்று மூக்கைப் பொத்துகிறவர்கள் உண்டு. புத்தக வியாபாரத்தில் பத்து சதவீதக் கழிவு என்று சொல்லும்போது யாரும் பொத்துவதில்லை. சந்தேகம் இருந்தால் காலக்கழிவு என்று சேர்த்து எழுதுங்கள், எதற்காகக் கழிக்கிறோம் என்பதும் உள்ளே வந்துவிடும். பழைய அகராதிகளில் நாணயம் மாற்றும்போது பிடிக்கும் தொகைக்கு வட்டம் என்று ஒரு பொருள் உண்டு. அழகான சொல்தான், ஆனால் இன்று வட்டம் என்றால் காம்பஸைத் தேடுவார்கள். தூய்மைக்காகப் புரியாத சொல்லைத் தோண்டி எடுப்பதில் எனக்கு ஆசை இல்லை.

காலக்கழிவு வீதம் என்று சொன்னதும் இன்னொன்றும் தெளிகிறது: யாருடைய காலம்? கையேடு எல்லோருக்கும் 7 என்று அச்சடித்துவிட்டது. தம்பிக்கு அது சரி, அவன் பணம் 7க்குக் கிடக்கிறது. அவன் பாதி வருமானமான 30,000 அவனுக்கு ஏழரை லட்சம் பெறும். அக்காவுக்குக் கையில் வரும் ஒவ்வொரு ரூபாயும் 11 சதவீதக் கடனை அடைக்கும். அவருக்கு அதே 30,000, 0.11லிருந்து 0.03 போக 0.08ஆல் வகுபட்டு, மூன்றே முக்கால் லட்சம்தான். ஒரே வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பெறுமதிகள். இத்தனை நாள் "உனக்கு மண்ணு மேல பாசமே இல்ல" என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தது இந்த வட்டி வித்தியாசத்தைத்தான்.

ஒன்று கணக்கில் அடங்காது. நெல்லுக்காக மட்டும் யாரும் ஏக்கருக்குப் பத்து லட்சம் கொடுக்க மாட்டார்கள். வாங்க வந்தவர் நாளைக்கு விலை ஏறும் என்று பணம் போடுகிறார். அந்த ஏற்றம் தம்பிக்கும் கிடைக்கும், ஆனால் விற்றால்தான் கிடைக்கும்.

பாகப்பிரிவினை எழுதிக்கொண்டார்கள். அக்கா தன் ஒன்றரை ஏக்கரைப் பதினைந்து லட்சத்துக்குக் கொடுத்துவிட்டு முதலில் படிப்புக் கடனை முடித்தார். தம்பி விற்கவில்லை. "ஏழரை லட்சம் பெறுற வருமானத்துக்குப் பதினஞ்சு லட்சத்த முடக்கி வெச்சிருக்கேன், தெரிஞ்சுதான் வெச்சிருக்கேன்" என்றான். புது வரப்பு போடும்போது வாய்க்கால் மடை யார் பக்கம் வருவது என்பதில் மட்டும், வாங்கியவரோடு அவனுக்கு இன்னும் தகராறு.