ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால்

மேசைமேல் ஆறு பொத்தான்களை வரிசையாக வையுங்கள். அதற்குக் கீழே, ஒன்றுக்கு ஒன்று நேராக, இன்னும் ஆறு. ஐந்து வயதுக் குழந்தையைக் கூப்பிட்டு, "எந்த வரிசையில நிறைய இருக்கு, இதுலயா, அதுலயா? இல்ல, ரெண்டும் ஒண்ணா?" என்று கேளுங்கள். ரெண்டும் ஒண்ணுதான் என்று சொல்லும். இப்போது அதன் கண்ணெதிரிலேயே கீழ் வரிசையை இடைவெளி விட்டுப் பரப்பிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். பெரும்பாலும், "இதுலதான் நிறைய" என்று நீளமான வரிசையைக் காட்டும். எதையும் கூட்டவில்லை, எடுக்கவில்லை. குழந்தை அதைப் பார்த்துக்கொண்டும் இருந்தது. ஆனாலும் பதில் மாறிவிட்டது.

இந்தச் சோதனையைப் புகழ்பெறச் செய்தவர் ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே. இளம் வயதில் பாரிஸில் குழந்தைகளுக்கான அறிவுத்திறன் தேர்வுகளைச் செப்பனிடும் வேலையில் இருந்தபோது, சரியான விடைகளைவிடத் தவறான விடைகளே அவர் கவனத்தை இழுத்தன. ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரித் தவறினார்கள். அப்படியானால் தவறுக்குப் பின்னாலும் ஒரு தர்க்கம் இருக்க வேண்டும் அல்லவா? பொத்தான் விஷயத்தில் அவர் சொன்ன காரணம் இது: சிறு குழந்தையின் பார்வை நீளம் என்ற ஒரே அம்சத்தில் ஒட்டிக்கொள்கிறது. நீளம் கூடியபோது இடைவெளியும் கூடியது என்பதைச் சேர்த்துப் பார்க்க அதற்கு வரவில்லை. நகர்த்தியதை மனதுக்குள் திருப்பி நகர்த்திப் பார்க்கவும் வரவில்லை.

இதை வைத்து அவர் எழுப்பிய மாளிகைதான் பெரியது. பிறப்பிலிருந்து சுமார் 2 வயது வரை, புலன்களாலும் அசைவுகளாலும் உலகை அறியும் புலனியக்கப் பருவம், 7 வயது வரை, ஒன்றை மனதுக்குள் திருப்பிப் பார்க்க இன்னும் வராத, மனச் செயல்பாட்டுக்கு முந்தைய பருவம், 11 அல்லது 12 வரை கண்கூடான பொருள்களைக் கொண்டு தர்க்கம் செய்யும் பருவம், அதன்பின் அருவமாகச் சிந்திக்கும் பருவம். ஆசிரியர் பயிற்சியில் மனப்பாடம் செய்யப்படும் அந்த நான்கும்தான். அவர் உண்மையில் அழுத்திச் சொன்னது வயதை அல்ல, வரிசையை. ஒரு படியைத் தாண்டிக் குதிக்க முடியாது; ஒவ்வொரு படியிலும் சிந்தனையின் கட்டமைப்பே முழுதாக மாறுகிறது என்றார். வயது எண்கள் தோராயமானவை. பாடநூல்கள் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டன.

பொத்தானுக்குத் திரும்புவோம். அந்தச் சோதனையில் ஒரு விசித்திரம் உண்டு: பெரியவர் ஒருவர் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கிறார். நடுவில், "இதைக் கவனி" என்பதுபோல வேண்டுமென்றே எதையோ செய்கிறார். உங்களிடம் மேலதிகாரி ஒருவர் ஒரு கேள்வி கேட்டு, பதில் வாங்கி, எதையோ மாற்றிவைத்து, அதே கேள்வியை மறுபடி கேட்டால் என்ன நினைப்பீர்கள்? முதல் பதில் தப்போ, இவர் வேறெதையோ எதிர்பார்க்கிறாரோ என்றுதானே தோன்றும்.

எடின்பரோவில் ஜேம்ஸ் மெக்கேரிகலும் மார்கரெட் டொனால்ட்சனும் இந்தச் சந்தேகத்தைச் சோதித்தார்கள். முடிவுகள் 1970களின் நடுவில் வெளியாயின. 4 முதல் 6 வயது வரையிலான 80 குழந்தைகள். வழக்கமான முறையில் சோதித்தபோது சுமார் 16 சதவீதம் பேர்தான் எண்ணிக்கை மாறவில்லை என்றார்கள். பிறகு ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை பெட்டியிலிருந்து குதித்து வந்து வரிசையைக் கலைத்தது. பொம்மையை ஆட்டியவர் ஆராய்ச்சியாளர்தான். ஆனால் குழந்தையின் கண்ணுக்கு அது ஒரு விபத்து. கலைந்துபோன பிறகு மறுபடி கேட்பதில் எந்த வினோதமும் இல்லை. இம்முறை சுமார் 62 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். இடையில் யாருக்கும் வயது கூடவில்லை.

இந்த இடத்தோடு கதையை நிறுத்தி, பியாஜே தோற்றார் என்று முடிப்பவர்கள் உண்டு. அது அவசரம். 1986இல் கிறிஸ் மூரும் டக்ளஸ் ஃப்ரையும் கரடியை வேறு வேலைக்கு விட்டார்கள். இப்போது அது வரிசையைக் கலைப்பதோடு நிற்காமல், உண்மையிலேயே ஒன்றைக் கூட்டியது அல்லது எடுத்தது. அதாவது "ஒண்ணுதான்" என்ற பதில் இங்கே தவறு. கரடி வந்தபோது குழந்தைகள் இந்தத் தவறை அதிகம் செய்தார்கள். அப்படியென்றால் முதல் சோதனையில் சிலர், பொம்மையின் கூத்தில் கவனம் சிதறி, என்ன நடந்தது என்று பார்க்காமலே பழைய பதிலைத் திருப்பிச் சொல்லியிருக்கலாம். வழக்கமான சோதனை குழந்தையின் அறிவைக் குறைத்துக் காட்டியது என்றால், கரடிச் சோதனை அதைக் கூட்டிக் காட்டியிருக்கலாம்.

பொம்மை இல்லாமல் இதைச் சோதிக்க எளிய வழி, முதல் கேள்வியையே விட்டுவிடுவது. மாற்றத்தைச் செய்து காட்டி, பிறகு ஒரே ஒரு முறை கேட்பது. 1984இல் ஜூடித் சாமுவேலும் பீட்டர் பிரயன்ட்டும் 5 முதல் 8 வயது வரையிலான குழந்தைகளிடம் அப்படித்தான் செய்தார்கள். தவறுகள் குறைந்தன. ஆனால் ஒரு கேள்வி கேட்டாலும் பெரிய குழந்தைகள் சிறியவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஆக, கேட்கும் முறை பதிலை அசைக்கிறது என்பது உண்மை. வயதோடு உள்ளே ஏதோ மாறுகிறது என்பதும் உண்மை.

அப்படியானால் அந்த மாற்றம் படிக்கட்டு ஏறுவது போன்றதா? இங்கேதான் பருவக் கோட்பாட்டின் பலவீனம் வெளிப்படுகிறது. எண்ணிக்கை மாறாது என்று புரிந்துகொண்ட அதே குழந்தை, களிமண் உருண்டையை உருட்டி நீளமாக்கினால் களிமண் கூடிவிட்டது என்கிறது. களிமண் அளவு பிடிபட்ட பிறகும் எடை என்று கேட்டால் தடுமாறுகிறது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே ஓரிரு ஆண்டுகள்கூட ஓடிவிடுகின்றன. பியாஜேவே இதைக் கண்டார், பெயரும் வைத்தார். ஆனால் ஒரே கட்டமைப்பு முழு மனதையும் ஆள்கிறது என்றால் இந்த இடைவெளி ஏன் என்பதற்கு அவரிடம் திருப்தியான விளக்கம் இல்லை. பழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு: மெக்சிகோவில் மண்பாண்டம் செய்யும் குடும்பத்துக் குழந்தைகள், களிமண் அளவு பற்றிய கேள்விகளில் மற்ற குழந்தைகளை முந்தினார்கள் என்று 1969இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சீக்லர் இன்னும் நெருங்கிப் போனார். ஐந்து வயதுக் குழந்தைகளிடம் இதே எண்ணிக்கைச் சோதனையை ஒரு தடவையோடு விடாமல் திரும்பத் திரும்பச் செய்து, ஒவ்வொரு பதிலுக்கும் காரணம் கேட்டார். ஒரே குழந்தை ஒரு தடவை "இது நீளமா இருக்கு" என்றது, அடுத்த தடவை "சும்மா நகர்த்தினீங்க, அவ்வளவுதான்" என்றது, பிறகு மறுபடி நீளத்துக்குத் திரும்பியது. பழைய முறை ஒரு நாளில் செத்து, புதியது அதன் இடத்தில் உட்காருவதில்லை. இரண்டும் கூடவே வாழ்கின்றன. ஒன்று மெல்ல அதிகம் வர, மற்றது மெல்லக் குறைகிறது. இதைச் சீக்லர் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரும் அலைகளுக்கு ஒப்பிட்டார். விடை சரியா தவறா என்று சொல்வதோடு நிறுத்தாமல், "நான் ஏன் அப்படிச் சொன்னேன்னு நினைக்கிற?" என்று ஆராய்ச்சியாளரின் காரணத்தைக் குழந்தையையே சொல்லச் செய்தபோது முன்னேற்றம் கூடுதலாக இருந்தது.

ஒரு குழந்தை இந்தக் கலவையில் எங்கே நிற்கிறது என்பதை வயதை வைத்துச் சொல்வது கடினம். கையை வைத்து ஓரளவு சொல்லலாம். பிரெக்கின்ரிட்ஜ் சர்ச்சும் சூசன் கோல்டின்-மெடோவும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் காரணம் சொல்லும்போது வாயையும் கையையும் தனித்தனியே பதிவு செய்தார்கள். சில குழந்தைகளின் வாயும் கையும் ஒரே காரணத்தைச் சொல்லின. வேறு சிலருக்கு இரண்டும் முரண்பட்டன: வாய் ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, விரல் மேல் வரிசைப் பொத்தான் ஒன்றைத் தொட்டு, கீழ் வரிசையில் அதன் ஜோடியைத் தொட்டு, மீண்டும் மேலே போகும். ஒன்றுக்கு ஒன்று இணை என்பது வாய்க்கு வரவில்லை, விரலுக்கு வந்துவிட்டது. கொஞ்சம் சொல்லிக்கொடுத்ததும் அதிகம் முன்னேறியவர்கள் இப்படி முரண்பட்ட குழந்தைகள்தான். பொத்தான் சோதனையை நீங்கள் செய்து பார்க்கும்போது, பதில் தவறாக வந்த மறுகணம் பார்க்க வேண்டியது அந்த விரலை.