எட்டு மாதமாகத் தீராத சன்ஸ்கிரீன்

தீராத சன்ஸ்கிரீனோடு ஒருவர் வந்தது ஒரே வாரத்தில் அது நான்காவது முறை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வந்தவர் பள்ளி ஆசிரியை, வயது முப்பத்தாறு. இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் மங்கு. தினமும் வண்டியில் பதினைந்து நிமிடம் போய், பதினைந்து நிமிடம் திரும்புகிறார். பி.டி. மாஸ்டர் லீவு என்றால் மைதானத்திலும் நிற்க வேண்டும். "எல்லாம் ஒழுங்காத்தான் போடறேன் டாக்டர், ஆனா போகவே மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே ஒரு ஜிப் பையைத் திறந்து மேசை மேல் கொட்டினார். விட்டமின் சி ஃபேஸ்வாஷ், விட்டமின் சி சீரம், நைட் க்ரீம், கண்ணுக்குக் கீழே உருட்டும் குச்சி, நான்கு ஷீட் மாஸ்க், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஒரு சின்ன டியூப், கடைசியில் 50 கிராம் சன்ஸ்கிரீன். மாதத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று கேட்டேன். யோசித்து, "ரெண்டாயிரம், ரெண்டாயிரத்து ஐநூறு வரும்" என்றார்.

நான் முதலில் எடுத்துப் பார்த்தது சன்ஸ்கிரீனைத்தான். மூன்றில் ஒரு பங்கு இன்னும் உள்ளே இருந்தது. எப்போது வாங்கினீர்கள் என்றால், பள்ளி திறந்தபோது என்கிறார். அதாவது எட்டு மாதம்.

இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. சன்ஸ்கிரீன் போடுவதில்லை என்று சொல்பவரைக்கூடச் சமாளித்துவிடலாம். "தினமும் போடறேனே" என்று சொல்லிக்கொண்டு கடுகளவு எடுத்து, நெற்றியில் ஒரு பொட்டு, கன்னத்துக்கு ஒரு பொட்டு வைத்துத் தேய்ப்பவருக்குத்தான் புரிய வைக்க நேரமாகிறது. "இது எஸ்பிஎஃப் 50 டாக்டர், கொஞ்சம் போட்டாலே போதும்" என்பார்கள். போதாது. வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று டியூப் மேல் போட்டிருக்கும் அந்த எண், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் தடவி ஆய்வகத்தில் அளந்தது. அந்த அளவு தடவினால்தான் அந்த எண். கால்வாசி தடவினால் 50 என்பது பத்தைத் தொடுமா என்பதே சந்தேகம். விலை கூடிய டியூபாக இருந்தாலும் இதே கதைதான். ஆயிரத்து ஐநூறு ரூபாய் சன்ஸ்கிரீனைச் சிக்கனமாகப் பூசுவதைவிட நானூறு ரூபாய் சன்ஸ்கிரீனைத் தாராளமாகப் பூசுவது எவ்வளவோ மேல். இதை ஒரு நாளைக்கு ஐந்து தடவையாவது சொல்கிறேன்.

முகம், காது, கழுத்து சேர்த்து ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒன்றேகால் கிராம் வேண்டும். எடை போட வேண்டாம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனி வரை ஒரு கோடு பிழிந்தால் அந்த அளவு வந்துவிடும். ஒரே வீச்சில் பூசினால் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக நிற்கிறதா, பாதியைப் பூசி இரண்டு நிமிடம் விட்டு மீதியைப் பூசுங்கள். இந்தக் கணக்கில் 50 கிராம் டியூப், காலையில் மட்டும் போட்டால் 40 நாள் வரும். மதியம் ஒரு தடவை திரும்பப் போட்டால் 20 நாள். ஆசிரியையின் எட்டு மாதத்தில், காலை ஒரு வேளைக்கே ஆறு டியூப் தீர்ந்திருக்க வேண்டும். ஒன்றே தீரவில்லை.

ஆகவே பட்ஜெட் போடும்போது டியூபின் விலையைப் பார்க்காதீர்கள், அது எத்தனை நாள் வரும் என்று பாருங்கள். அவருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டு அங்கேயே மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். 50 கிராம் 450 ரூபாய்க்குக் கிடைக்கும் சன்ஸ்கிரீன். தினம் இரண்டு வேளைக்கு மாதம் 75 கிராம், அது 675 ரூபாய். வாசனையில்லாத சாதாரண ஃபேஸ்வாஷ் 250 ரூபாய், இரண்டு மாதம் வரும், ஆக மாதத்துக்கு 125. இரவுக்கு ஒரு எளிய மாய்ஸ்சரைசர் 300 ரூபாய், அதுவும் இரண்டு மாதம், 150. மொத்தம் 950. மூன்றில் இரண்டு பங்கு ஒரே பொருளுக்குப் போகிறதே என்று அவர் முகம் மாறியது. போகத்தான் வேண்டும். பகலில் வெயில் திரும்பத் திரும்ப உண்டாக்கும் மங்கை, இரவில் எந்த க்ரீம் வந்து துடைத்தெடுக்கும்?

ஐநூறுதான் முடியும் என்பவர்களுக்கு: காலை வேளை சன்ஸ்கிரீன், ஒரு ஃபேஸ்வாஷ், அவ்வளவுதான். மதியத்துக்குக் குடை. நம் ஊர் எண்ணெய்ப் பசை முகங்கள் பலவற்றுக்கு வெயில் காலத்தில் தனி மாய்ஸ்சரைசர் தேவையே படாது.

வாங்கும்போது எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் சரி. 30 என்பது வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர்களில் சுமார் 97 சதவீதம் தடுக்கிறது, 50 என்பது 98. அந்த ஒரு சதவீதத்துக்காக இரண்டு மடங்கு விலை கொடுக்காதீர்கள். புற ஊதா ஏ கதிர்களை எவ்வளவு தடுக்கும் என்று காட்ட, பிஏ என்று போட்டுப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது இருக்கிறதா என்று பாருங்கள். மங்கு உள்ளவர்கள் மட்டும் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மாநிறத் தோலில் மங்கைக் கருக்க வைக்கும், சாதாரண சன்ஸ்கிரீன் அதைப் பெரிதாகத் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு சேர்த்த, லேசாகத் தோல் நிறத்தில் இருக்கும் டின்டட் வகை தடுக்கும். பணம் கொஞ்சம் கூட இருந்தால் இதில் போடுங்கள், சீரத்தில் வேண்டாம்.

சீரம் என்றதும் நினைவு வருகிறது. அவருடைய விட்டமின் சி சீரம் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருந்தது. அப்படிப் பழுப்பாகிவிட்டால் கெட்டுவிட்டது என்று அர்த்தம், தூக்கிப் போடலாம். ஃபேஸ்வாஷில் விட்டமின் சி இருப்பதைப் பற்றி நான் என்ன சொல்ல, அரை நிமிடத்தில் கழுவி ஊற்றுகிறீர்கள்.

மருந்துக்கடை டியூபுக்கு வருகிறேன். 150 ரூபாய்க்குள் கிடைப்பதால் பட்ஜெட்டுக்கு நல்லது என்று நினைத்து வாங்கியிருக்கிறார். உள்ளே ஹைட்ரோகுயினோன், ட்ரெடினாயின், கூடவே மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு. இரண்டு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும், அதுதான் வினை. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, வெயில் பட்டாலே எரியும், பரு கிளம்பும், முகத்தில் முடிகூட வளரும். நிறுத்தினால் இன்னும் மோசமாவதால் திரும்ப அதையே தேடிப் போவார்கள். 2018-லேயே இந்த ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அரசு கொண்டுவந்துவிட்டது, கடையில் கேட்டால் இன்றும் எடுத்துக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் போடுபவர்கள் திடீரென்று தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டி நிறுத்துங்கள். இதைச் சரிசெய்ய ஆகும் செலவுக்கு இரண்டு வருடத்துக்கு சன்ஸ்கிரீன் வாங்கலாம்.

நைட் க்ரீமும் கண்ணுக்கான குச்சியும் தீரும்வரை போடட்டும், மறுபடி வாங்க வேண்டாம் என்றேன். மங்குக்கான மருந்து க்ரீமை ஆறு வாரம் கழித்து ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்தோம். அதுவரை ஒரே ஒரு வேலை: புது டியூப் திறக்கும் அன்று மார்க்கர் பேனாவால் அதன் மேலேயே தேதி எழுத வேண்டும், காலியானதைத் தூக்கிப் போடாமல் கொண்டுவர வேண்டும்.

ஆறு வாரம் கழித்து வந்தார். இரண்டு காலி டியூப். ஒன்றைக் கத்தரியால் பிளந்து உள்ளே ஒட்டியிருந்ததையும் வழித்திருந்தார்.