ஸ்பான்சருக்குக் கெட்ட செய்தியை எழுதும்போது

திட்ட மேலாளர்கள் எழுதும் கெட்ட செய்தி மின்னஞ்சல்களை நிறையப் படித்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் செய்தி நான்காவது பத்தியில்தான் தலைகாட்டும். அதற்கு முன்னால் குழு எவ்வளவு உழைத்தது, யார் எப்போது தாமதித்தார்கள் என்ற வரலாறு இருக்கும். திட்டத்துக்குப் பணம் ஒதுக்கி முக்கிய முடிவுகளை எடுக்கும் மேலதிகாரியான ஸ்பான்சர் அதைப் படிக்கும் நேரத்தில் அடுத்த கூட்டம் தொடங்கிவிடும்.

ஓர் உதாரணத்தை வைத்துப் பேசுவோம். ஒரு நிறுவனம் சம்பளக் கணக்கைப் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு ஜூன் 1 அன்று மாற்றவிருக்கிறது. மே 12 அன்று நடந்த ஒத்திகையில் 8,200 ஊழியர் பதிவுகளில் 640 பதிவுகளின் விடுப்பு இருப்பு தவறாக வந்தது. ஒவ்வொன்றையும் பழைய கோப்போடு ஒப்பிட்டுத்தான் திருத்த முடியும். அந்த வேலை தெரிந்த இருவர் சேர்ந்து ஒரு நாளில் 25 பதிவுகளை முடிப்பார்கள். ஆக, 26 வேலை நாட்கள் வேண்டும். ஜூன் 1 கைநழுவிவிட்டது.

இந்தச் செய்திக்கு "தரவு மாற்றம் – தற்போதைய நிலை" என்று தலைப்பு வைத்தால் அது திறக்கப்படாமலே கிடக்கும். "முடிவு தேவை, மே 20க்குள்: ஜூன் 1 தொடக்கத்தை முழுமையாக நிறைவேற்ற முடியாது" என்று வைக்கலாம். முதல் பத்தியில் மேலே சொன்ன உண்மைகள் மட்டும் போதும்: எப்போது தெரிந்தது, எத்தனை பதிவுகள், திருத்த எவ்வளவு காலம். தவறு எதனால் வந்தது என்று இன்னும் உறுதியாகத் தெரியாவிட்டால், "காரணத்தை ஆராய்கிறோம், மே 16 அன்று தெரிவிக்கிறோம்" என்று தனி வாக்கியமாக எழுதுங்கள். ஊகத்தை உண்மைகளுக்கு நடுவே கலந்துவிட்டால், பிறகு அது பொய்க்கும்போது மற்ற எண்களையும் யாரும் நம்பமாட்டார்கள். "சில சவால்களை எதிர்கொண்டு வருகிறோம்" போன்ற வாக்கியங்களுக்கு இங்கே இடமே இல்லை.

நான் பார்த்தவரை, பலர் சறுக்குவது பாதிப்பை எழுதும் இடத்தில். "இரண்டாம் ஒத்திகை தள்ளிப்போகும், சோதனை அட்டவணை மாறும்" என்று எழுதுவார்கள். அது குழுவுக்கு நேரும் பாதிப்பு. ஸ்பான்சர் பதில் சொல்ல வேண்டியவை வேறு: இந்த 640 பேருக்கு ஜூன் மாதச் சம்பளம் தவறாகப் போகுமா? பழைய மென்பொருளின் உரிமம் மே மாதத்தோடு முடிகிறதே, அதை நீட்டிக்கும் செலவு எந்தக் கணக்கில் விழும்? தொழிற்சங்கத்துக்குச் சொல்ல வேண்டுமா? அவருக்கு மேலே இருப்பவர் அவரிடம் கேட்கக்கூடிய கேள்விகளை யோசித்து, அவற்றுக்கான பதில்களையே பாதிப்பாக எழுதுங்கள்.

அடுத்தது வழிகள். முதல் வழி, எல்லோரையும் ஜூலை 1க்குத் தள்ளுவது. பழைய உரிமத்தை ஒரு மாதம் நீட்டிக்க வேண்டும். ஆனால் இன்னோர் ஒத்திகைக்கு அவகாசம் கிடைக்கும். இரண்டாவது வழி, 7,560 பேரை ஜூன் 1 அன்று மாற்றிவிட்டு, 640 பேரை மட்டும் ஒரு மாதம் பழையதிலேயே வைத்திருப்பது. அறிவித்த தேதி நிற்கும். ஆனால் உரிம நீட்டிப்பு இதிலும் உண்டு. சம்பளப் பிரிவு ஜூனில் இரண்டு மென்பொருள்களிலும் கணக்கு முடிக்க வேண்டும். "முதல் வழியைப் பரிந்துரைக்கிறேன், ஒரே மாதத்தில் இரட்டை வேலை பார்த்தால் சம்பளப் பிரிவில் புதிய பிழைகள் வரும்" என்று மேலாளர் தன் கருத்தையும் சொல்லிவிட வேண்டும். பரிந்துரை இல்லாத பட்டியல் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகவே படும்.

ஆட்களை இரட்டிப்பாக்கி 13 நாளில் முடிப்பதை மூன்றாவது வழியாகச் சேர்க்கத் தோன்றும். புதிதாக வருகிற இருவரும் முதல் நாளிலிருந்தே அதே வேகத்தில் வேலை செய்தாலும் ஜூன் 1ஐத் தொட்டுக்கொண்டுதான் முடியும். மறு ஒத்திகைக்கு நேரமிருக்காது. ஸ்பான்சர் அதைத் தேர்ந்தெடுத்தால் உங்களால் செய்துகாட்ட முடியாது. அப்படிப்பட்ட வழியை எண்ணிக்கைக்காகச் சேர்க்காதீர்கள். "இதையும் பார்த்தோம், இதனால் ஒதுக்கினோம்" என்று ஒரே வரி எழுதினால் போதும், அந்தக் கேள்வி திரும்பி வராது.

அனுப்பும் முன் அவரைத் தொலைபேசியில் அழைத்து இரண்டு நிமிடத்தில் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். பத்துப் பேரை நகலில் போட்ட மின்னஞ்சலில்தான் அவர் முதன்முதலாக இதைப் பார்க்கிறார் என்றால், வரும் பதில் முடிவாக இருக்காது, கோபமாகவே இருக்கும்.

மே 20 என்ற கெடுவுக்கும் காரணம் எழுத வேண்டும்: உரிமத்தை நீட்டிக்க விற்பனையாளருக்குத் தகவல் தர அதுவே கடைசி நாள். அன்றைக்குள் பதில் வராவிட்டால் எது நடக்கும் என்பதையும் கடைசி வரியில் சொல்லிவிடுங்கள்: "இரண்டு வழிகளுக்கும் உரிமம் தேவை என்பதால், அன்று மாலை நீட்டிப்பை மட்டும் கோரிவிடுவேன், தொடக்கத் தேதி உங்கள் முடிவுக்காகக் காத்திருக்கும்."