இரண்டு வயதுக்குள் வால்ப்ரோயேட்: கல்லீரல் தடுமாறும் இடம்

சோடியம் வால்ப்ரோயேட் பல வகை வலிப்புக்கும் கேட்கும் பழைய மருந்து. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் மருத்துவர்கள் அதைச் சட்டென்று எழுதுவதில்லை. காரணம் கல்லீரல்.

வால்ப்ரோயேட் ஒரு சிறு கொழுப்பு அமிலம். பெரியவர்களின் கல்லீரல் அதில் பெரும்பங்கைக் குளுகுரோனிக் அமிலத்தோடு ஒட்டிச் சிறுநீரில் அனுப்பிவிடும். இன்னொரு பங்கை, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் கொழுப்பைப் போலவே எரிக்கும். மிச்சம் கொஞ்சம் மூன்றாவது வழியில் போகும். அங்கேதான் 4-ஈன் என்ற நச்சுப்பொருள் உருவாகிறது. கைக்குழந்தைக்கு முதல் வழி இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. கூடவே பீனோபார்பிட்டோன், பெனிட்டாயின் போன்ற வேறு வலிப்பு மருந்துகளைக் கொடுத்தால், அவை மூன்றாவது வழியின் நொதிகளைத் தூண்டிவிடுகின்றன. 1987இல் அமெரிக்காவில் வெளியான கணக்கு இதைக் காட்டியது: எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் கல்லீரல் செயலிழந்து இறந்தவர்கள் சுமார் 10,000 பேருக்கு ஒருவர், பல வலிப்பு மருந்துகளைச் சேர்த்து எடுத்த இரண்டு வயதுக்குட்பட்டவர்களிலோ சுமார் 500 பேருக்கு ஒருவர்.

பிறவியிலேயே மைட்டோகாண்ட்ரியா பழுதான குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். மைட்டோகாண்ட்ரியாவைப் பழுதாக்கும் POLG மரபணுக் கோளாறு இருந்தால் வால்ப்ரோயேட் கூடவே கூடாது. சங்கடம் என்னவென்றால், அந்தக் கோளாறே முதலில் வெறும் வலிப்பாகத் தலைகாட்டலாம். இரண்டு வயதுக்குள் அதைப் பெரும்பாலும் இன்னும் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

அதனால்தான் வேறு மருந்துகள் முன்னே வருகின்றன. லெவடிரசிட்டாம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாறாமலே சிறுநீரில் வெளியேறுகிறது, கல்லீரலுக்கு அதிகச் சுமை இல்லை. குழந்தை கொத்துக் கொத்தாகக் குனிந்து குலுங்கும் இன்ஃபன்டைல் ஸ்பாசத்துக்கு ஏசிடிஹெச் என்ற ஹார்மோன் ஊசி, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, விகாபட்ரின் என்ற வலிப்பு மருந்து. முதல் வயதிலேயே தொடங்கும் கடுமையான வலிப்பு நோயான டிராவே நோய்க்குறி போன்ற சிலவற்றில் வால்ப்ரோயேட் தேவைப்படும். அப்போதும் அம்மோனியா, லாக்டேட், ரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றைப் பார்த்த பிறகுதான், முடிந்தவரை தனி மருந்தாக.

சரி, கொடுத்தால் எவ்வளவு? எடையைப் பார்த்துத்தான், வயதைப் பார்த்தல்ல. எட்டு கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மி.கி. என்று தொடங்கினால் 80 மி.கி.; இரண்டாகப் பிரித்தால் வேளைக்கு 40. பாட்டிலில் 5 மி.லி.க்கு 200 மி.கி. என்று இருந்தால் அது வெறும் 1 மி.லி. இருமல் சிரப் பழக்கத்தில் 5 மி.லி. மூடியை நிரப்பினால் ஐந்து மடங்கு உள்ளே போய்விடும். ஆகவே ஊசியில்லாத சிரிஞ்சுதான் சரி. 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ள சிரப்பும் உண்டு. பாட்டில் மாறினால் கணக்கையும் மாற்ற வேண்டும்.

பெரும்பாலான கல்லீரல் பாதிப்புகள் முதல் ஆறு மாதத்துக்குள் வருகின்றன. ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்ப முடியாது: எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதி கொஞ்சம் ஏறி, ஒன்றுமில்லாமல் இறங்குவதும் உண்டு, அது ஏறுவதற்கு முன்பே குழந்தை சோர்ந்துபோவதும் உண்டு. பால் குடிக்க மறுப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, முகம் வீங்குவது, அடங்கியிருந்த வலிப்பு மறுபடி வருவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு. அங்கே வால்ப்ரோயேட்டை நிறுத்தி, வலிப்புக்கு வேறு மருந்து தொடங்கி, கொழுப்பை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுசெல்லும் கார்னிட்டினை ரத்தநாளம் வழியாக ஏற்றுவார்கள்.