சொல் விளக்கம்: வரிச் சட்டத்தில் ‘ரெசிடென்ட்’, அதன் 182 நாள் கணக்கு

வளைகுடாவில் வேலை கிடைத்துக் கிளம்புகிறவரிடம் ஆடிட்டர் முதலில் கேட்பது, “இந்த வருஷம் நீங்க ரெசிடென்டா, நான்-ரெசிடென்டா?” என்பதுதான். நான்-ரெசிடென்ட் என்றால் ரெசிடென்ட் அல்லாதவர். ரெசிடென்டைத் தமிழில் ‘வசிப்பவர்’ என்று எழுதுகிறோம். ‘குடியிருப்பவர்’ என்றும் எழுதுகிறோம். இரண்டும் தவறில்லை. ஆனால் இரண்டுமே வீடு, குடும்பம், ரேஷன் கார்டு, நிலையான முகவரி என்று மனத்தை இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன. இந்திய வருமான வரிச் சட்டத்தின் 182 நாள் விதி இவற்றில் எதையும் கேட்பதில்லை. ஒருவர் இந்திய மண்ணில் எத்தனை நாள் இருந்தார் என்பதை மட்டும் கேட்கிறது.

‘ரெசிடென்ட்’ லத்தீன் வழிவந்த சொல். ‘செதேரே’ என்றால் உட்கார்தல். அதன்முன் ‘ரே’ சேர்ந்து, ஓரிடத்தில் அமர்ந்து தங்கிவிடுதல் என்ற பொருள் வந்தது. தமிழில் ‘இரு’ என்ற வினைக்கும் இதே விரிவு உண்டு. இருக்கை என்றால் உட்காரும் இடம். ‘ஊரில் இருக்கிறார்’ என்றால் அங்கே தங்கியிருக்கிறார். ‘குடியிருக்கிறார்’ என்றால் வீடு வைத்து வாழ்கிறார். உட்கார்வதில் தொடங்கி வாழ்வது வரை ஒரே வேர் போகிறது. சட்டம் இதில் பிடித்துக்கொண்டது நடுவில் உள்ள பொருளை. அந்த ஆண்டில் எல்லாம் சேர்த்து 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் ‘இருந்தால்’ அவர் ரெசிடென்ட். அங்கே நிற்கும் வினை ‘இரு’ மட்டும்தான், ‘குடியிரு’ இல்லை.

‘எல்லாம் சேர்த்து’ என்பதையும் கவனிக்க வேண்டும். தொடர்ந்து ஆறு மாதம் இருந்தால்தான் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. துண்டு துண்டாக வந்துபோன நாட்களும் கூடும். எதற்காக வந்தார், எந்த ஊரில் தங்கினார், ஹோட்டலிலா சொந்த வீட்டிலா என்பதெல்லாம் எண்ணிக்கையை மாற்றாது.

இந்த எண் புதிதாக வந்ததும் இல்லை. 1922 வருமான வரிச் சட்டத்தில் 1939ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 4ஏ பிரிவிலேயே 182 இருக்கிறது. 1961 சட்டத்தின் 6ஆம் பிரிவு அதை எடுத்துக்கொண்டது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2025 சட்டமும் அதே எண்ணைத்தான் வைத்திருக்கிறது. 365இல் பாதி 182½. ஆகவே பாதி ஆண்டுக்கு அரை நாள் குறைவாக இருந்தாலே விதி பிடித்துவிடும். ‘ஆறு மாசத்துக்கு மேல இருந்தாத்தான் ரெசிடென்ட்’ என்ற பேச்சுவழக்குக் கணக்கு இங்கேதான் காலை வாரும். வெளியே 183 நாள், உள்ளே 182 நாள் இருந்தவரும் ரெசிடென்ட்தான். தப்பிக்க வேண்டுமென்றால் 181 நாளுக்குள் நிற்க வேண்டும். லீப் ஆண்டிலும் இதில் மாற்றமில்லை.

ஆண்டு என்றால் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. மலேசியாவிலும் 182 நாள் விதிதான், ஆனால் அங்கே ஜனவரி முதல் டிசம்பர் வரை எண்ணுவார்கள். இரண்டு நாட்டுக்கும் இடையில் போய்வருபவர் இரண்டு தனிக் கணக்கு வைத்திருக்க வேண்டும்.

சரி, ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். அதுவரை வெளிநாட்டில் வேலை பார்க்காத ஓர் இந்தியக் குடிமகன், கத்தாரில் வேலை கிடைத்து 2024 செப்டம்பர் 20 விடியற்காலை சென்னையிலிருந்து விமானம் ஏறுகிறார். ஏப்ரல் 1 முதல் எண்ணினால் ஏப்ரலில் 30, மே மாதம் 31, ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்ட் 31, செப்டம்பரில் 20. மொத்தம் 173. இதோடு நின்றால் அவர் நான்-ரெசிடென்ட். வேறொரு விதியும் உண்டு: அந்த ஆண்டில் 60 நாளும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாளும் இருந்தாலே ரெசிடென்ட் என்பது அது. வேலைக்காக வெளிநாடு கிளம்பும் குடிமகனுக்கு, கிளம்பும் ஆண்டில் அந்த 60ஐ 182 ஆகச் சட்டமே உயர்த்திவிடுகிறது. அதனால் இவருக்கு ஒரே ஒரு சோதனைதான்.

டிசம்பரில் தங்கை கல்யாணத்துக்கு வருகிறார். டிக்கெட்டில் டிசம்பர் 24 என்று இருக்கிறது. ஆனால் தோஹாவில் இரவில் ஏறிய விமானம் சென்னையில் இறங்கும்போது இங்கே 25ஆம் தேதி பிறந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் விழும் வருகை முத்திரையும் 25. எண்ண வேண்டியது அந்தத் தேதியைத்தான். ஜனவரி 2 விடியற்காலை திரும்பிப் போகிறார். டிசம்பரில் 7 நாள், ஜனவரியில் 2 நாள், ஆக 9. ஏற்கெனவே இருந்த 173உடன் கூட்டினால் சரியாக 182.

வந்த நாளையும் போன நாளையும் முழு நாளாக எண்ணினால் இவர் ரெசிடென்ட். வந்த நாளை விட்டுவிட்டால் 181, நான்-ரெசிடென்ட். இதில் எது சரி என்று சட்டத்தின் வாசகம் சொல்லவில்லை. ‘நாள்’ என்றால் என்ன என்று அது விளக்கவே இல்லை. முன்கூட்டிய தீர்ப்பு வழங்கும் ஆணையம் ஒரு வழக்கில், நாளின் ஒரு பகுதி இருந்தாலும் அது ஒரு நாள்தான், வந்த நாள், போன நாள் இரண்டையும் எண்ண வேண்டும் என்றது. பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2009இல் வேறு மாதிரி சொன்னது. ஒரு தேதி ‘முதல்’ எண்ணும்போது அந்த முதல் தேதியை விட்டுவிட வேண்டும் என்ற 1897ஆம் ஆண்டுப் பொது வாசகச் சட்டத்தின் கொள்கையைப் பிடித்து, வந்த நாளைத் தள்ளியது. கர்நாடக உயர் நீதிமன்றமும் பிறகு அதை ஏற்றது.

இப்படி இரு பக்கமும் தீர்ப்பு இருக்கும்போது, பயணத்தைத் திட்டமிடுகிற கட்டத்தில் இரண்டு நாளையும் எண்ணிக்கொள்வதே ஒழுங்கு என்பேன். வந்த நாளை விடலாம் என்ற வாதம், ஆண்டு முடிந்து எண் 182இல் போய் நின்றுவிட்ட பிறகு வழக்கறிஞர் எடுக்க வேண்டிய வாதம். அதை நம்பி டிக்கெட் போடக் கூடாது. மேலே சொன்னவர் ஒரு நாள் முன்னதாகத் திரும்பியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

அந்த ஒரு நாளின் விலை பெரியது. ரெசிடென்ட் ஆகிவிட்டால், இதுவரை இந்தியாவிலேயே இருந்தவர் என்பதால் ‘சாதாரணமாக வசிப்பவர்’ என்ற முழுப் பிரிவுக்குள் வருவார். செப்டம்பர் முதல் மார்ச் வரை தோஹாவில் வாங்கிய சம்பளமும் இந்தியாவில் வரிக்கு உட்படும். கத்தாரில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது, ஆகவே அங்கே கட்டியதை இங்கே கழித்துக்கொள்ளவும் வழியில்லை. அங்கே திறந்த வங்கிக் கணக்கையும் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் உதவியைக் கேட்கலாம்தான், ஆனால் அதற்குத் தனி நிபந்தனைகள், தனி ஆவணங்கள்.

எக்செலில் கணக்குப் போடுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள். போன தேதியிலிருந்து வந்த தேதியைக் கழித்தால் கிடைப்பது 8, உண்மையில் இருந்தது 9 நாள். கழித்தல் ஒரு முனையை விழுங்கிவிடுகிறது. வந்துபோன ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நாள் குறைந்துகொண்டே போகும். இன்னொன்று, மார்ச் கடைசியில் வந்து ஏப்ரலில் திரும்பும் பயணம். அதை மார்ச் 31இல் வெட்டி இரண்டு ஆண்டுக்கும் பிரிக்க வேண்டும். A நிரலில் வந்த தேதி, B நிரலில் போன தேதி இருந்தால், 2024-25க்கு இந்த ஒரு வரி இரண்டையும் பார்த்துக்கொள்ளும்:

```
=MAX(0, MIN(B2,DATE(2025,3,31)) - MAX(A2,DATE(2024,4,1)) + 1)
```

தேதிகளை டிக்கெட்டிலிருந்து எடுக்காமல் பாஸ்போர்ட் முத்திரையிலிருந்து எடுக்க வேண்டும். முத்திரை மங்கியிருந்தாலோ, தானியங்கி வாசலில் முத்திரையே விழாமல் போனாலோ, போர்டிங் பாஸை அப்போதே படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ரிட்டர்ன் படிவத்தில் நான்-ரெசிடென்ட் என்று குறித்தால், அந்த ஆண்டில் எத்தனை நாள், முந்தைய நான்கு ஆண்டுகளில் எத்தனை நாள் என்று கேட்கும். நான்கு ஆண்டு கழித்து நினைவிலிருந்து நிரப்பும் எண் சரியாக இருக்காது.

வேலைக்குப் போன பின் விடுமுறைக்கு வந்துபோகும் குடிமகனுக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் 182தான் வரம்பு. ஆனால் வெளிநாட்டு வருமானம் நீங்கலான மொத்த வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால், 2020ஆம் ஆண்டு நிதிச் சட்டத்திலிருந்து அது 120 நாளாகக் குறைந்துவிட்டது. முந்தைய நான்கு ஆண்டுகளின் 365 நாளும் சேர்ந்திருந்தால் இந்த 120 பிடிக்கும். ஊரில் வாடகையும் வைப்பு வட்டியும் நன்றாக வருகிறவர்கள் இதைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, இதற்கு எந்தத் தமிழ்ச் சொல்? இலங்கைத் தமிழில் ரெசிடென்டை ‘வதிவாளர்’ என்கிறார்கள். வதிதல் என்றால் தங்கியிருத்தல். பழந்தமிழில் பறவையும் விலங்கும்கூட வதியும். வீடு வாசல் என்ற சுமை இல்லாத சொல் என்பதால் சட்டத்தின் கருத்துக்கு இது நெருக்கமாக இருக்கிறது. ‘வரி வதிவாளர்’, ‘வரி வதிவாளர் அல்லாதவர்’ என்று எழுதலாம். எண்ணப்படும் நாளுக்கு ‘இருந்த நாள்’ என்பதே போதும்.

மாற்றியே ஆக வேண்டியது ‘வெளிநாடு வாழ் இந்தியர்’. என்.ஆர்.ஐ. என்பதற்கு நாம் பழகிவிட்ட பெயர் அது. சட்டத்தில் நான்-ரெசிடென்ட் என்றால் ரெசிடென்ட் அல்லாதவர், அவ்வளவுதான். நாள் கணக்கில் தேறாதவர் என்ற எதிர்மறைப் பொருள் மட்டுமே அதற்கு உண்டு, எங்கே வாழ்கிறார் என்று அது சொல்வதில்லை. கத்தார் விசாவும் அங்கே வீடும் வைத்துக்கொண்டு, ‘நான் வெளிநாடு வாழ் இந்தியன், எனக்கு இங்கே வரி இல்லை’ என்று நம்புகிறவர் அந்த ஆண்டில் வரி வதிவாளராக இருக்கலாம். மேலே கணக்குப் போட்டுப் பார்த்தவரின் நிலை அதுதான்.