அலகுக்கூடு: ஒன்பது உருண்டை, இரண்டே அணு

‘யூனிட் செல்’ என்பதில் உள்ள ‘செல்’, சிற்றறை என்று பொருள்படும் ‘செல்லா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழ்ப் பாடநூல்கள் அதை அலகுக்கூடு என்கின்றன. அலகு என்றாலும் கூடு என்றாலும் பறவை நினைவுக்கு வரலாம். இங்கே அலகு என்பது அளவின் அடிப்படை. ஒரு சிறு பெட்டியை மூன்று திசையிலும் இடைவெளியின்றி அடுக்கிக்கொண்டே போனால் முழுப் படிகமும் கிடைக்கும் என்றால், அந்தப் பெட்டியே அலகுக்கூடு.

சொல் நல்ல சொல்தான். ஆனால் கூடு என்றதும் அதற்குள் இருப்பவை எல்லாம் அதற்கே சொந்தம் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. இந்தக் கூட்டின் சுவர்களோ நாம் வரைந்த கோடுகள்; அவை அணுக்களை அறுத்துக்கொண்டு போகின்றன. மூலையில் எட்டுக் கூடுகள் சந்திப்பதால் மூலை அணுவில் ஒரு கூட்டுக்கு எட்டில் ஒரு பங்கு. முகத்தின் நடுவில் உள்ளது இரண்டு கூடுகளுக்குப் பொது, எனவே பாதி. உள்ளே நடுவில் இருப்பது மட்டுமே முழுமையாகச் சொந்தம்.

அறை வெப்பநிலையில் இரும்பின் அமைப்பு பொருள்மையக் கனசதுரம். படத்தில் ஒன்பது உருண்டைகள் தெரியும். மூலைகள் எட்டும் சேர்ந்து ஓர் அணு, நடுவில் ஒன்று, ஆக இரண்டு. முகப்புமையக் கனசதுரத்தின் படத்தில் பதினான்கு தெரியும். கணக்கில் 1 + 3, அதாவது நான்கு.

அடுத்த சொல் பொதிவுத்திறன். பொதி என்பது மூட்டை. பொதிதல், உள்ளே அடங்கியிருத்தல். கூட்டின் கன அளவில் அணுக்கள் அடைத்துள்ள பங்கைத்தான் இது குறிக்கிறது. எந்த வேலைத் திறமையும் இதில் இல்லாததால் ‘பொதிவு விகிதம்’ என்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

இதைக் கணக்கிட, எந்தக் கோட்டில் அணுக்கள் ஒன்றையொன்று தொடுகின்றன என்று தெரிய வேண்டும். கண்ணுக்கு இடம் விடவேண்டும் என்பதற்காகப் பாடநூல் படங்களில் உருண்டைகளைச் சிறிதாக, தொடாதபடி வரைந்திருப்பார்கள். கூட்டின் விளிம்பு நீளம் `a`, அணுவின் ஆரம் `r` என்று கொள்வோம். படத்தைப் பார்த்துப் பலர் விளிம்பிலேயே தொடுவதாக வைத்து `a = 2r` என்று எழுதிவிடுகிறார்கள். மூலைகளில் மட்டும் அணுக்கள் உள்ள எளிய கனசதுரத்துக்கு அது சரி. விடை சுமார் 52 சதவீதம். இரும்புக்கு அதையே போட்டால்:

`2 × (4/3)πr³ ÷ (2r)³ = π/3 ≈ 1.05`

பெட்டியின் கொள்ளளவில் 105 சதவீதம் நிரம்பிவிட்டது! நூறைத் தாண்டியதுமே தொடும் கோடு தவறு என்று புரிந்துகொள்ளலாம். இரும்பில் மூலை அணுக்கள் தங்களுக்குள் தொடுவதில்லை. நடு அணுவைத்தான் தொடுகின்றன. எதிரெதிர் மூலைகளை இணைக்கும் உள் மூலைவிட்டத்தில் மூலை அணுவின் ஆரம் ஒன்று, நடு அணுவின் ஆரங்கள் இரண்டு, மறு மூலையின் ஆரம் ஒன்று என நான்கு ஆரங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. எனவே `√3 a = 4r`. இதைப் போட்டால் விகிதம் `√3π/8`, அதாவது 68 சதவீதம்.

முகப்புமையத்தில் தொடுதல் முகத்தின் மூலைவிட்டத்தில்: `√2 a = 4r`. விடை 74 சதவீதம். ஒரே அளவுள்ள கோளங்களை எப்படி அடுக்கினாலும் இதைவிட நெருக்க முடியாது.