ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் இணை: சொல்லும் அந்த இடைவெளியும்

ஒரே அளவுள்ள இரண்டு வட்டக் கம்பிச்சுருள்களை ஒரே அச்சில் எதிரெதிரே நிறுத்தி, இரண்டிலும் ஒரே திசையில் சம அளவு மின்னோட்டத்தை விட்டு, நடுவில் சீரான காந்தப்புலத்தை உண்டாக்கும் அமைப்புக்குத்தான் இந்தப் பெயர். ஒரு நிபந்தனை உண்டு, சுருள்களுக்கு இடையிலுள்ள தூரம் சுருளின் ஆரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும்.

பெயரின் முதல் பாதி ஜெர்மன் இயற்பியலாளர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸுடையது (1821–1894). அவருக்கு முன்பே பிரான்சில் கோகேன் என்பவர், மின்னோட்டத்தை அளக்கும் டேன்ஜன்ட் கால்வனாமீட்டரில் காந்த ஊசியைச் சுருளின் நடுவில் வைக்காமல் ஆரத்தில் பாதி தூரம் தள்ளி வைத்துப் பார்த்தார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதே ஊசிக்கு மறுபக்கம் அதே தூரத்தில் இன்னொரு சுருளையும் நிறுத்தினார். இரண்டு பாதி சேர்ந்து ஓர் ஆரம், இடைவெளி வந்த வழி இதுதான்.

இரண்டாம் பாதியில் தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதை ஒற்றைச் சுருள் போலவே சொல்லும் வழக்கம் உண்டு, அதைப் பார்த்து 'ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள்' என்று மட்டும் எழுதினால் இரண்டு என்பதே மறைந்துபோகிறது. 'சுருள்' வினையாகவும் பெயராகவும் நிற்கும் நல்ல பழைய சொல், அதில் குறையில்லை. 'இணைச்சுருள்' என்று எழுதலாமே என்றால், 'இணைகோடு' பழகிய கண்ணுக்கு அது இணையாக நிற்கும் சுருள் என்றோ பக்க இணைப்பில் உள்ள சுருள் என்றோ படக்கூடும். ஜோடி என்ற பொருள் தெளிவாக நிற்பது 'சுருள் இணை'யில்தான், அதனால் நான் அதையே எழுதுகிறேன்.

சரி, ஏன் சரியாக ஓர் ஆரம்? ஒரே ஒரு சுருளை எடுத்து, அதன் அச்சில் நகர நகரப் புலம் எப்படிக் குறைகிறது என்று வரைந்து பாருங்கள். சுருளுக்கு அருகில் வரைகோடு குன்றின் உச்சி போலக் கவிந்திருக்கும், தொலைவில் குன்றின் அடிவாரம் போல உட்குழிந்து படியும். கவிவு குழிவாக மாறும் இடம் வளைவு மாற்றப் புள்ளி, கணக்குப் போட்டால் அது சுருளிலிருந்து சரியாக ஆரத்தில் பாதி தூரத்தில் விழுகிறது. அந்த இடத்தில் கோடு வளைவதில்லை, நேர்ச் சரிவாக இறங்குகிறது. இரண்டு சுருள்களின் அந்தப் புள்ளிகளும் ஒரே இடத்தில் விழும்படி வைத்தால், நடுவில் ஒன்றின் புலம் எந்தச் சரிவில் இறங்குகிறதோ அதே சரிவில் மற்றதன் புலம் ஏறுகிறது, கூட்டினால் சமதளம். அச்சுக்குப் பக்கவாட்டில் நகரும்போதும் இதே பலன்தான், ஏனென்றால் காந்தப்புலத்தின் விதிப்படி நடுவில் அச்சு வழியே உள்ள வளைவும் பக்கவாட்டு வளைவும் ஒன்றோடொன்று கட்டுண்டவை, ஒன்று போனால் மற்றதும் போய்விடும்.

15 செ.மீ. ஆரம், ஒவ்வொன்றிலும் 130 சுற்று, 1 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். நடுப்புலம்

B = 0.716 μ₀NI/R

இதில் N ஒரு சுருளின் சுற்றுகள், I மின்னோட்டம், R ஆரம், μ₀ வெற்றிடத்தின் காந்த உட்புகுதிறன். விடை சுமார் 0.78 மில்லிடெஸ்லா. நடுவிலிருந்து அச்சில் 2 செ.மீ. தள்ளினால் புலம் 0.04 சதவீதம்கூடக் குறையாது. ஒற்றைச் சுருளின் மையத்திலிருந்து அதே 2 செ.மீ. தள்ளியிருந்தால் 2.6 சதவீதம் குறைந்திருக்கும். இப்போது இடைவெளியை மட்டும் 16.5 செ.மீ. ஆக்குங்கள், அதே இடத்தில் புலம் 0.29 சதவீதம் கூடிவிடும், ஏறக்குறைய எட்டு மடங்கு பிசகு. ஆனால் ஓர் எல்லை உண்டு: இடைவெளி சரியாக இருந்தாலும் சுருளின் தளம் வரை போனால் புலம் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கும், சீரான பகுதி என்பது நடுப்பகுதி மட்டுமே.

செய்து பார்ப்பவர்கள் அடிக்கடி தவறுவது தூரத்தை அளக்கும் இடத்தில். கம்பிச் சுற்றுக்கும் ஓர் அகலம் இருக்கிறது, உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு அளந்தால் இடைவெளி கூடிப்போகும், சுற்றின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்க வேண்டும். அப்புறம், சுருள்களைத் தொடரிணைப்பில் கோப்பதே நல்லது, பக்க இணைப்பில் மின்தடை கொஞ்சம் வேறுபட்டாலும் மின்னோட்டம் சமமாகப் பிரியாது.

எந்தத் தவறு என்பதை, காந்தப்புலத்தை அளக்கும் ஹால் உணரியை அச்சில் மெல்ல நகர்த்தினாலே கண்டுபிடிக்கலாம். நடுவில் அளவு பள்ளமாக இறங்கினால் சுருள்கள் தள்ளி நிற்கின்றன, மேடாக எழும்பினால் நெருங்கி நிற்கின்றன, ஒரு பக்கமாகச் சாய்ந்தால் மின்னோட்டமோ சுற்றுகளோ சமமில்லை. மின்னோட்டம் ஓடும்போதே நடுவில் கிட்டத்தட்ட சுழியம் காட்டினால் ஒரு சுருளின் முனைகளை மாற்றிக் கோத்திருக்கிறீர்கள், இரண்டு புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, மிஞ்சுவது பெரும்பாலும் பூமியின் காந்தப்புலம்தான்.